ஹெச்.ஆருக்கு ஒரு முதல் கடிதம்

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்த எவரையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு கடிதத்தை ஒப்பிப்பார்கள். அனுப்புநர், பெறுநர், மதிப்பிற்குரிய ஐயா, பொருள்: விடுப்பு வேண்டுதல். கடும் காய்ச்சல் காரணமாக, தயவுகூர்ந்து, தாழ்மையுடன், தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி. பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்திலும் அதே சட்டகம்தான். வீட்டில் வேறு யாரும் அலுவலகக் கடிதம் எழுதிப் பார்த்திராத பிள்ளைக்குக் கடிதம் என்றாலே இதுதான். கல்லூரியை முடித்துவிட்டு முதன்முதலாக ஒரு ஹெச்.ஆருக்கு எழுத உட்காரும்போதும் கை தானாக இந்தச் சட்டகத்துக்கே போகிறது.

கதைக்காக ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். ஊர் ஆரணி. அப்பா பட்டு நெசவாளர், அம்மா தறிவேலையில் கூடமாட இருப்பவர். பக்கத்து ஊர் அரசுக் கலைக் கல்லூரியில் 2025இல் பி.காம். முடித்திருக்கிறாள். பெற்றோர், தாத்தா, பாட்டி, அத்தை, சித்தப்பா என்று எந்தப் பக்கம் தேடினாலும் பட்டதாரி கிடையாது. வகுப்பில் விடை தெரிந்தாலும் கை தூக்காத ரகம்.

முதல் தலைமுறைப் பட்டதாரி என்பதற்குத் தமிழ்நாட்டில் வருவாய்த் துறை தரும் சான்றிதழே இருக்கிறது. ஒற்றைச் சாளர முறையில் தொழிற்கல்வியில் சேரும் இத்தகைய மாணவர்களுக்கு 2010-11 கல்வியாண்டிலிருந்து அரசு கல்விக் கட்டணச் சலுகை தருகிறது. வீட்டில் இதற்கு முன் பட்டம் பெற்றவர் இல்லை என்பது அந்தக் காகிதத்தின் சாரம். வேலை கேட்டு ஒரு மெயில் போடுவது எப்படி என்று கேட்டுக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை என்பதும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. கட்டணத்தைச் சலுகையால் ஈடுகட்டிவிடலாம். இரண்டாவது குறைக்கு அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது.

அவளுக்கு வேலைத் தகவல் வந்தது வாட்ஸ்அப்பில். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரிப்பாகம் செய்யும் ஒரு நிறுவனத்துக்குக் கணக்கு உதவியாளர் தேவை, டாலி தெரிந்திருக்க வேண்டும், ரெஸ்யூமேயை இந்த முகவரிக்கு அனுப்பவும் என்று இரண்டு வரி. அனுப்பியவர் நெருங்கிய சொந்தமோ தோழியோ அல்ல. எப்போதோ ஒரு முறை பேசிய, கல்லூரியில் இரண்டு வருடம் முன்னால் படித்த ஓர் அக்கா.

அன்று இரவு எல்லோரும் தூங்கிய பிறகு அவள் கைப்பேசியில் ஆங்கிலத்தில் எழுதியதன் தமிழ் வடிவம் இது:

“மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, நான் ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்தவள். என் தந்தை நெசவுத் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் பட்டதாரி. எனக்கு முன் அனுபவம் எதுவும் இல்லை. எந்த வேலை கொடுத்தாலும் கடினமாக உழைப்பேன். தயவுகூர்ந்து எனக்கு ஒரு வாய்ப்பு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் கீழ்ப்படிதலுள்ள.”

பொருள் என்ற இடத்தில் ‘வேலை வேண்டி’ என்று மட்டும் போட்டிருந்தாள். காய்ச்சல் இருந்த இடத்தில் வறுமை வந்திருக்கிறது. மற்றபடி இது அச்சு அசலாக விடுப்புக் கடிதம்.

இதில் பணிவு தவறில்லை. யாரும் பணிவுக்காக ஒருவரை ஒதுக்குவதில்லை. எழுதியவளுக்கு எதிரே இருப்பவர் யார் என்று தெரியாததுதான் சிக்கல். தலைமை ஆசிரியருக்கு விடுப்புத் தருவதும் மறுப்பதும் அவர் இஷ்டம். அதனால் அங்கே மனு எழுதுகிறோம். ஹெச்.ஆரின் நிலைமை வேறு. அவர் மேஜையில் ஒரு காலியிடம் கிடக்கிறது. கணக்குப் பிரிவு மேலாளர் “ஆள் எப்ப வரும்?” என்று தினமும் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் கன்சல்டன்சிக்காரர் என்றால் நெருக்கடி இன்னும் அதிகம். நேர்மையான கன்சல்டன்சிக்குச் சம்பளம் நிறுவனத்திடமிருந்து வருகிறது, வேலை தேடுபவரிடமிருந்து அல்ல. ஒருவரைச் சேர்த்துவிட்டால் அவருடைய ஆண்டுச் சம்பளத்தில் 8.33 விழுக்காடு, அதாவது ஒரு மாதச் சம்பளம், கட்டணமாகக் கிடைப்பது இந்தத் தொழிலில் பரவலான வழக்கம். ஆள் கிடைக்காவிட்டால் அவருக்கும் காசு இல்லை. கூச்ச சுபாவம் உள்ளவர்கள் ‘அவங்களைத் தொந்தரவு பண்றோமோ’ என்று தயங்குகிறார்களே, அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது. பொருத்தமான ஆளிடமிருந்து வரும் மெயில் அவருக்குத் தொந்தரவு ஆகாது.

அப்படியானால் அவர் அந்த மெயிலில் எதைத் தேடுகிறார்? இது எந்த இடத்துக்கான விண்ணப்பம், கேட்ட வேலையில் ஏதாவது ஒரு பகுதியையாவது இவர் செய்து பார்த்திருக்கிறாரா, எங்கே இருக்கிறார், எப்போது சேர முடியும். அவ்வளவுதான். மேலே உள்ள கடிதத்தில் இவற்றில் ஒன்றுக்குக்கூடப் பதில் இல்லை. எந்த ஊரில் எந்த வேலைக்கு எழுதுகிறாள் என்பதே இல்லை. ஒரே சமயத்தில் பத்து இடங்களுக்கு ஆள் தேடும் ஒருவர் இதை எந்தக் கோப்பில் வைப்பார்?

நல்லவேளை, அவள் அதை அன்றிரவே அனுப்பவில்லை. மறுநாள் மாலை தான் போய்வந்த ஆடிட்டர் அலுவலகத்தில், அங்கே பத்து வருடமாகக் கணக்கு பார்க்கும் அக்காவிடம் காட்டினாள்.

“அனுபவம் எதுவும் இல்லைன்னு போட்டிருக்க. அப்ப நாலு மாசமா இங்க என்ன பண்ணிட்டிருந்த?”

“அது சும்மா ஒத்தாசைதானேக்கா…”

“ஒத்தாசைக்கா சார் மாசம் மூவாயிரம் குடுத்தாரு?”

முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் கடிதங்களில் அடிக்கடி விழும் ஓட்டை இதுதான். நியமனக் கடிதம் வாங்கிச் செய்ததுதான் வேலை, மற்றதெல்லாம் ‘சும்மா’ என்ற எண்ணம். அப்பாவின் தறிக்கணக்கை எழுதியது, கடையில் பில் போட்டது, ஆடிட்டரிடம் மாலை நேரத்தில் போய்வந்தது எதுவும் ரெஸ்யூமேயில் ஏறுவதில்லை. படித்த குடும்பத்துப் பிள்ளை மாமாவின் அலுவலகத்தில் இரண்டு வாரம் இருந்துவிட்டு அதை ‘இன்டர்ன்ஷிப்’ என்று தயங்காமல் எழுதும். இவள் நான்கு மாதம் செய்ததை ஒளித்துவைக்கிறாள்.

அவள் அங்கே செய்தது என்ன என்று பார்த்தால் விஷயத்தின் கனம் புரியும். ஜிஎஸ்டியில் மாதந்தோறும் தாக்கல் செய்யும் விற்பனையாளர் தன் விற்பனைப் பட்டியலை அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற படிவத்தில் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றிய பில்கள் 14ஆம் தேதி வாக்கில், வாங்கியவரின் பக்கத்தில் ஜிஎஸ்டிஆர்-2பி என்ற பட்டியலாகத் தெரியும். வாங்கியவர் 20ஆம் தேதிக்குள் தன் வரியைக் கட்டும்போது, ஏற்கெனவே கொள்முதலில் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ள இந்தப் பட்டியல்தான் ஆதாரம். பட்டியலில் பில் இல்லையென்றால் கழிவு நின்றுபோகும், கைக்காசு போகும். ஆகவே 14க்கும் 20க்கும் நடுவே எல்லாக் கணக்கு அலுவலகங்களிலும் ஒரே ஓட்டம். டாலியில் பதிவான பில்லையும் 2பி-யில் உள்ள பில்லையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

பொருந்தாதவைதான் உண்மையான வேலை. விற்றவர் பில் எண்ணை முன்னெழுத்து, ஆண்டு எல்லாம் சேர்த்து நீளமாக ஏற்றியிருப்பார். இங்கே பதிந்தவர் வெறும் 45 என்று அடித்திருப்பார். தொகையும் தேதியும் ஒன்றாக இருக்கும், எண் மட்டும் வேறு. இதை இங்கேயே திருத்திக்கொள்ளலாம். இன்னொரு வகை, விற்றவர் அந்தப் பில்லை ஏற்றவே மறந்தது. அதற்கு அவரைத்தான் போனில் பிடிக்க வேண்டும். எது எந்த வகை என்று பார்த்தவுடன் பிரித்துச் சொல்லப் பட்டப்படிப்பு மட்டும் போதாது, சில மாதம் கைபழக வேண்டும். நம் பெண்ணுக்கு அது பழகியிருந்தது. அம்பத்தூர் நிறுவனம் சம்பளம் கொடுத்துத் தேடியதும் கிட்டத்தட்ட அதே கைப்பழக்கத்தைத்தான்.

அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தி எழுதிய கடிதம் இப்படி வந்தது. பொருள்: ‘கணக்கு உதவியாளர், அம்பத்தூர் – பி.காம். 2025, டாலி, ஜிஎஸ்டி’.

“வணக்கம் மேடம். அம்பத்தூரில் கணக்கு உதவியாளர் தேவை என்று என் கல்லூரி முன்னாள் மாணவி ஒருவர் மூலம் அறிந்தேன். அந்த இடத்துக்கு விண்ணப்பிக்கிறேன். 2025இல் பி.காம். முடித்தேன். கடைசி ஆண்டில் ஆரணியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் நான்கு மாதம் மாலை நேரங்களில் வேலை பார்த்தேன். மாதம் சுமார் 200 கொள்முதல் பில்களை டாலியில் பதிந்து, ஜிஎஸ்டிஆர்-2பி-யுடன் ஒப்பிட்டு, பொருந்தாதவற்றைக் காரணத்தோடு பட்டியல் போட்டுக் கொடுத்தேன். ரிட்டர்ன் தாக்கலை நானாகச் செய்ததில்லை; அதற்கு முந்தைய வேலைகள் தெரியும். சென்னையில் விடுதியில் தங்கி ஒரு வாரத்தில் வேலையில் சேர முடியும். ரெஸ்யூமே இணைத்துள்ளேன்.” அடியில் பெயர், கைப்பேசி எண்.

‘நானாகச் செய்ததில்லை’ என்ற வரியை எடுத்துவிடலாமா என்று அவள் கேட்டாள். அக்கா வேண்டாம் என்றார். அந்த வரிதான் மற்ற வரிகளை நம்ப வைக்கிறது. எல்லாம் தெரியும் என்று எழுதுகிற புதுப் பட்டதாரியை முதல் கேள்வியிலேயே மடக்கிவிடுவார்கள். எல்லை சொல்லி எழுதியவரிடம் அந்த எல்லைக்குள்தான் கேள்வி வரும்.

ஏழைக் குடும்பம், முதல் பட்டதாரி என்ற வரிகள் இதில் இல்லை. அது மறைக்க வேண்டிய செய்தி என்பதால் அல்ல. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் அதுதான் முதல் வரியாக இருக்க வேண்டும். கணக்கு உதவியாளர் வேலைக்கு அது சான்று ஆகாது. அந்த இடத்தில் 200 பில்கள் பேச வேண்டும்.

கடிதம் சரி, அது போய்ச்சேரும் பாதையில் மூன்று குழிகள் இருந்தன. முதலாவது மெயில் முகவரி. அவளுடைய முகவரி பதினொன்றாம் வகுப்பில் உதவித்தொகைக்காக பிரவுசிங் சென்டர்காரர் தொடங்கிக் கொடுத்தது. பாஸ்வேர்டு அவரிடம். மீட்பு எண்ணும் அவருடையது. அனுப்புநர் பெயராக அந்தக் கடையின் பெயரே தெரிந்தது! இப்படிப்பட்ட முகவரியிலிருந்து அனுப்பினால் பதில் வந்தாலும் அவளுக்குத் தெரியாது. தன் எண்ணில், தன் பெயரில் புதிதாக ஒன்று தொடங்கினாள். இதற்குக் கால்மணி நேரம் போதும். இதைச் செய்யாமல் விட்டு மாதக்கணக்கில் ‘யாருமே பதில் போடலை’ என்று காத்திருப்பவர்கள் உண்டு.

இரண்டாவது ரெஸ்யூமே. அதே சென்டரில் பூ பார்டர் வைத்து அடித்து, பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, அதை மறுபடி போனில் படம் எடுத்து பி.டி.எஃப். ஆக்கியிருந்தாள். பார்க்க ஆவணம் மாதிரி இருக்கும், உள்ளே இருப்பது புகைப்படம். ஹெச்.ஆர். நாளை தன் கோப்புகளில் ‘டாலி’ என்று தேடினால் இது அகப்படுவது நிச்சயமில்லை. கண்டுபிடிக்க எளிய வழி, கோப்பைத் திறந்து ஒரு சொல்லின் மேல் விரலை அழுத்திப் பிடிப்பது. சொல் தேர்வாகிறதென்றால் எழுத்து, ஆகவில்லையென்றால் படம். நேராக டைப் செய்து பி.டி.எஃப். ஆகச் சேமித்தாள். மதம், திருமண நிலை, ‘மேற்கண்டவை யாவும் உண்மை’ என்ற உறுதிமொழி எல்லாம் போய், இரண்டு பக்கம் ஒரு பக்கம் ஆனது. கோப்பின் பெயர் `resume_final_new(2).pdf` என்றிருந்ததைத் தன் பெயரும் வேலையின் பெயரும் வருமாறு மாற்றினாள். எல்லோருடைய கோப்பும் ‘ரெஸ்யூமே’ என்றே வந்தால் இறக்கிவைப்பவர் எதை எதுவென்று அறிவார்?

மூன்றாவது, நமக்கே உரிய இனிஷியல். இணையப் படிவங்கள் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைக்கின்றன. மதிப்பெண் பட்டியலில் ஒற்றை எழுத்தாக இருக்கும் அப்பா, கடைசிப் பெயர்க் கட்டத்தில் முழுசாகப் போய் உட்காருகிறார். வெளிமாநிலத்து ஹெச்.ஆர். ‘டியர்’ போட்டு அப்பாவை அழைத்துப் பதில் எழுதுவது இதனால்தான். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஆதாரில் ஒரு மாதிரி, மதிப்பெண் பட்டியலில் ஒரு மாதிரி, ரெஸ்யூமேயில் மூன்றாவது மாதிரி என்றிருந்தால், வேலையில் சேர்ந்ததும் பி.எஃப். கணக்கு தொடங்கும்போது ஆதாரோடு பெயர் ஒட்டாமல் அலைய வேண்டிவரும். கடிதத்திலும் ரெஸ்யூமேயிலும் சான்றிதழில் உள்ளபடி ஒரே வடிவம் வைத்துக்கொள்வது நல்லது. ஆதாரில் வேறாக இருந்தால் வேலை தேடும் காலத்திலேயே திருத்திவிடலாம்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு அனுப்பு பொத்தானை அழுத்தினாள். அழுத்திய மறுநொடி வயிற்றைக் கலக்கியது. ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பிடிக்க இயல்பாக 5 விநாடிதான் அவகாசம்; கணினியில் அமைப்புகளுக்குள் போய் 30 விநாடி வரை நீட்டிக்கொள்ளலாம். அவள் முன்கூட்டியே 30 வைத்திருந்தாள். அந்த அரை நிமிடத்தில்தான் இணைப்பு இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்தாள். இருந்தது.

பிறகு மௌனம். முதல்முறை எழுதுபவரை உடைப்பது மறுப்பல்ல, இந்த மௌனம். ‘நம்ம இங்கிலீஷைப் பார்த்துச் சிரிச்சிருப்பாங்க’ என்று மனம் கதை கட்டும். பெரும்பாலும் நடப்பது வேறு. மேலாளர் ஊரில் இருக்க மாட்டார், அந்த இடத்துக்கு ஒப்புதல் நின்றிருக்கும், அல்லது மெயில் இன்னும் திறக்கப்படவே இல்லை. ஒரு வாரம் கழித்துப் பழைய மெயிலின் கீழேயே இரண்டு வரி எழுதினாள்: கடந்த செவ்வாய் அனுப்பிய விண்ணப்பம் குறித்து நினைவூட்டுகிறேன், அந்த இடம் இன்னும் காலியாக இருந்தால் நேர்காணலுக்கு வர முடியும். புதிய மெயிலாக எழுதாததற்குக் காரணம் உண்டு. பழையதன் கீழ் எழுதினால் கடிதமும் ரெஸ்யூமேயும் ஒரே இடத்தில் மேலே ஏறி வரும். ஒரு முறை நினைவூட்டினால் போதும். மூன்று, நான்கு என்று போனால் அது வேறு மாதிரி பார்க்கப்படும்.

அன்று மாலையே தெரியாத எண்ணிலிருந்து போன். கூச்சக்காரர்கள் வழக்கப்படி அவள் எடுக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டு நிமிடம் கழித்து, “மேடம், உங்கள் அழைப்பைத் தவறவிட்டேன். இப்போது பேசலாமா?” என்று குறுஞ்செய்தி அனுப்பினாள். மறுபடி மணி அடித்தது. ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் தட்டுத் தடுமாறிய பின், “தமிழ்ல பேசலாமா மேடம்?” என்று கேட்டாள். “தாராளமா பேசும்மா” என்றார் அவர். சென்னையில் கணக்கு உதவியாளர் வேலைக்கு இது பெரும்பாலும் குறையாகப் பார்க்கப்படுவதில்லை. வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசும் வேலை என்றால் கதை வேறு.

“2பி-ல பில் வரலன்னா என்ன பண்ணுவ?” என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு அவளிடம் நான்கு மாத அனுபவம் இருந்தது. பில் எண் வேறுபாட்டையும் தாக்கல் செய்யாத விற்பனையாளரையும் பிரித்துச் சொன்னாள். குரல் நடுங்கியது, பதில் நடுங்கவில்லை.

அந்த இடம் அவளுக்குக் கிடைக்கவில்லை. அம்பத்தூர்க்காரர்கள் இரண்டு வருட அனுபவம் உள்ள ஒருவரை எடுத்துக்கொண்டார்கள். பேசியவர் கன்சல்டன்சிக்காரர் என்பதால் அவளுடைய ரெஸ்யூமேயைத் தூக்கிப் போடவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பினார். வேலை அங்கே அமைந்தது. ஒரு முறைகூட அவர் பணம் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பதிவுக் கட்டணம், பயிற்சி வைப்புத்தொகை, லேப்டாப்புக்கு முன்பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பணம் கொடுத்து ஏமாந்துவிட்டால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

இந்தக் கதையில் அந்த வாட்ஸ்அப் அக்காவின் பங்கு சிறியதாகத் தெரியலாம். 1973இல் அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை இத்தகைய ஆட்களைப் பற்றியதுதான். பாஸ்டன் அருகே நியூட்டன் நகரில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அவர் விசாரித்தார். தகவல் சொன்னவரை அடிக்கடி சந்திப்பதாகச் சொன்னவர்கள் ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கு உதவியது எப்போதாவது பார்க்கும், அல்லது அரிதாகவே பார்க்கும் மனிதர்கள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்துப் பழக்கம்தான் வேறு உலகத்துச் செய்தியைக் கொண்டுவருகிறது என்பது அவர் வாதம். ஆரணித் தறிக்கூடத்தைச் சுற்றியுள்ள எந்த வீட்டுக்கும் அம்பத்தூர்க் காலியிடம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஆகவே ஏற்கெனவே வேலையில் இருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் அலுவலகத்தில் ஓர் இடம் காலியானால், படித்த கல்லூரியின் பழைய வாட்ஸ்அப் குழுவில் வேலையின் பெயர், ஊர், மெயில் முகவரி மூன்றையும் போட்டுவிடுங்கள். ‘தயவுகூர்ந்து, தாழ்மையுடன்’ என்று ஒரு தம்பியோ தங்கையோ உங்களுக்குக் கடிதம் அனுப்பினால், “இதுவரைக்கும் என்ன வேலை செஞ்சிருக்க?” என்று திருப்பிக் கேளுங்கள்.